மீதி இரண்டு டயர்

"மெல்ல போனா பொண்ணு நம்மள முந்திடுவா, மிதி" என்று பக்கத்தில் இருந்த கணவர் சிரித்தார். மகள் தன் காரில் பின்னால் வந்துகொண்டிருந்தாள். கொட்டுகிற மழையில் நானும் எண்பதைத் தொட்டேன்.

திடீரென்று ஸ்டீயரிங்கில் கனமே இல்லை. ரோட்டின் இரைச்சல் மாறி, இன்ஜின் மட்டும் வெறுமனே உறுமியது. முன்டயர்கள் தரையை விட்டுத் தண்ணீர்ப் படலத்தின் மேல் ஏறிவிட்டன.

"பிரேக்கப் போடு!" என்று கணவர் கத்தினார். டயர் கடைக்காரர், ஊருக்கெல்லாம் புத்தி சொல்பவர்.

"வாய மூடுங்க!"

பத்து வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவள் நான். பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்தேன். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக் காத்திருந்தேன். பாலத்துச் சுவர் நெருங்கி வந்தது. வேகம் குறையக் குறைய, சின்ன உதறலோடு கையில் கனம் திரும்பியது. டயர் ரோட்டைப் பிடித்துவிட்டது.

ஓரமாக நிறுத்தி, இறங்கி முன்டயரைத் தடவினேன். ரோட்டைப் பிடிக்கும் பட்டன் வரிகள் தேய்ந்து வழுவழுவென்றிருந்தது.

"போன வாரம்தானே மாத்துனீங்க?"

"ஒரு கஸ்டமர் வண்டில கழட்டினது. இன்னும் கொஞ்ச நாள் ஓடும்னு..."

"அவருக்கு ஆகாதது நமக்கு ஆகுமா? நாலும் கழட்டியிருப்பீங்களே, மீதி ரெண்டு எங்க?"

அவர் திரும்பினார். நாங்கள் வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தூரத்தில், மழைக்குள், இரண்டு விளக்குகள் வேகமாக வந்துகொண்டிருந்தன.