அவளுக்குத் தெரியாத ஒன்று

பணிமனை போர்மேன் கைபேசியை நீட்டியதும், அங்கே சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்க்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏழு நிமிட வீடியோ. நசுங்கிய வண்டி, ஆஸ்பத்திரிக் கட்டில், குழாய் சொருகிய முகம், பின்னணியில் அழுது வடியும் வயலின். போன வருஷம் இதே தேதியில் இறந்துபோன பெயிண்டருக்குப் பணிமனையின் அஞ்சலியாம். அவன் மனைவிக்குப் போட்டுக் காட்டப் போகிறார்களாம்.

"இதைப் பார்த்து அழாதவங்க இருந்தா என் மீசையை எடுத்துடறேன்."

"இப்பவே எடுத்துடுங்கண்ணே. அந்தக் கட்டில் பக்கத்துல பதினோரு நாள் உட்கார்ந்திருந்தவளுக்கா இதைக் காட்டணும்?"

"நாம மறக்கலைன்னு தெரிய வேண்டாமா?"

முந்தின நாளே ஸ்டோர்க்காரி பெயிண்டரின் மனைவிக்குப் போன் செய்து, "நாளைக்கு வரட்டுமா, இல்ல வேற நாள் வரட்டுமா?" என்று கேட்டிருந்தாள்.

"வாங்கக்கா. எப்படி நடந்துச்சுன்னு மட்டும் யாரும் கேட்க வேண்டாம். அவரைப் பத்தி எனக்குத் தெரியாதது ஏதாவது இருந்தா சொல்லுங்க. தெரிஞ்சதையெல்லாம் நினைச்சு நினைச்சுத் தேய்ச்சுட்டேன்."

இதை அப்படியே போர்மேனிடம் ஒப்பித்தாள். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார் மனிதர்.

மாலையில் இருவரும் பெயிண்டர் வீட்டுக்குப் போனார்கள். குடிக்கத் தண்ணீர் வந்தது. உட்கார்ந்த கையோடு போர்மேன் ஆரம்பித்தார்: "தைரியமா இருக்கணும்மா. கடைசியா ஏதாவது சொன்னாரா?"

பெயிண்டர் மனைவியின் முகம் பட்டென்று மூடிக்கொண்டது. புடவை நுனியைச் சுருட்ட ஆரம்பித்தன விரல்கள். அதையும் கவனிக்காமல் அவர் கைபேசியை எடுத்தார்.

ஸ்டோர்க்காரி அதைப் பிடுங்கி மேஜைமேல் குப்புறக் கவிழ்த்தாள். "வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சறதும் இல்லாம, அதுக்கு வயலின் வேறயா அண்ணே?"

 பிறகு பெயிண்டரின் மனைவி பக்கம் திரும்பினாள். 

"உன் வீட்டுக்காரருக்கு நீ பின்னிக் கொடுத்தியே, நீலக் கம்பளிச் சட்டை. பணிமனை கேட் வந்ததும் கழட்டிடுவாரு. சாயங்காலம் கிளம்பும்போது மறுபடி மாட்டிக்குவாரு. உடம்பெல்லாம் குத்துதாம். உன்கிட்டச் சொல்ல பயம்."



"என்னது? 'இதைப் போட்டா குளிரே தெரியலை'ன்னாரு! அதை நம்பி ரெண்டாவது வேற பின்னினேனே!"

"அதுவும் என் நாற்காலி மேலதான்மா தொங்கும்," என்றார் போர்மேன், மெல்ல.

"நீங்களும் கூட்டா? மூணு வருஷமா எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்கீங்க! அந்த மனுஷன் மட்டும் இப்ப கையில கிடைக்கட்டும்..."

கண்ணில் நீர் தளும்பியது. ஆனால் வாய் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தது. விறுவிறுவென்று உள்ளே போய், அலமாரியிலிருந்து அந்த நீலச் சட்டையை எடுத்து வந்தாள். கழுத்துப் பட்டியைத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"அட பாவி மனுஷா," என்றாள். "நல்லாத்தான் குத்துது."