வாங்கிய தண்ணீர், குடித்த தண்ணீர்

மே 7, வியாழன்

தளத்தின் தண்ணீர்ப் பதிவேட்டில், நேற்றைய பக்கத்தில் ஒரு பிழை. "கம்பி கட்டும் பெண்கள் எல்லோரும் சொன்னபடி தண்ணீர் குடித்தார்கள்" என்று எழுதியிருந்தேன். இன்று அதை அடித்துவிட்டு "வாங்கினார்கள்" என்று திருத்தினேன். பார்த்தால் சின்னத் திருத்தம்தான். அது எப்படித் தெரியவந்தது என்பதை மாலை வகுப்பு தொடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆசிரியர் இன்னும் வரவில்லை. மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் பெஞ்சு எனக்குக் கிடைத்திருக்கிறது.

பகலில் நான் கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு அதிகாரிக்கு உதவியாளன். அதிகாரி ஒரு பெண். தளத்தில் எல்லோரும் அவரைத் தண்ணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "தண்ணி குடிச்சீங்களா?" என்பதால் வந்த பெயர். முதுகுக்குப் பின்னால் தொடங்கியது, இப்போது நேரிலேயே கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

கோடை வேலைத் திட்டம் அக்கா போட்டது, தட்டச்சு செய்தது நான். வெயில், காற்று, ஈரப்பதம் மூன்றையும் சேர்த்து அளக்கும் கருவி ஒன்றை, ஆட்கள் வேலை செய்யும் இடத்திலேயே, திறந்த வெயிலில் வைத்திருக்கிறோம். அது காட்டும் அளவைப் பொறுத்துக் கம்பத்தில் கொடி ஏறும். மஞ்சள் கொடி என்றால் மணிக்குக் கால் மணி நேரம் ஓய்வு. சிவப்பு என்றால் அரை மணி வேலை, அரை மணி ஓய்வு. ஓய்வுக்குக் கூலி பிடிக்கக் கூடாது. கால் மணிக்கு ஒருமுறை ஒரு குவளை தண்ணீர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. புதிதாக வந்தவர்களுக்கு முதல் வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெயில் வேலை கூட்ட வேண்டும். எல்லோரும் இரண்டிரண்டு பேராக வேலை செய்து, ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டும்.

நல்ல திட்டம். நான் குவளை நிறைத்துக் கொடுத்தேன், எல்லோரும் வாங்கினார்கள், நானும் எழுதிக்கொண்டேன்.

நேற்று முற்பகலில் மஞ்சள் கொடிதான். மேல்தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்த பெண்களில் மின்னல் என்று பட்டப்பெயர் உள்ளவள் தலைவலி என்று சொல்லியிருக்கிறாள். கம்பியை முறுக்குவதில் அவள் கை ஓடுகிற வேகத்துக்காக வைத்த பெயர் அது. அவளுடைய ஜோடி அவள் நாத்தனார். அவள்தான் முதலில் கவனித்தாள்.

"அண்ணி, கட்டின இடத்தையே திரும்பக் கட்டுறீங்க. கம்பி என்ன உங்க அப்பன் வீட்டுச் சீதனமா?"

மின்னல் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாத மின்னலை யாரும் பார்த்ததில்லை. நாத்தனார் உடனே விசில் ஊதினாள். (ஜோடிக்கு ஒரு விசில் கொடுத்தபோது எல்லோரும் சிரித்தார்கள், நான் உட்பட.) எழுந்திருக்கப் பார்த்த மின்னல் கால் தள்ளாடி, கம்பிக் கட்டின் மேல் சாய்ந்தாள்.

அக்கா ஓடவில்லை, ஆனால் ஓடியவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். நிழல் கொட்டகைக்குத் தூக்கிவரச் சொன்னார். காலைச் சிமெண்ட் மூட்டை மேல் உயர்த்தி வைத்து, மேலே போட்டிருந்த சட்டையையும் பூட்ஸையும் கழற்றி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, நாத்தனாரை அட்டையால் விசிறச் சொன்னார். தண்ணீர் கொடுப்பதற்கு முன் கேள்வி கேட்டார்.

"இன்னைக்கு என்ன கிழமைம்மா?"

மின்னல் கண்ணைத் திறந்தாள். "தெரியல. சம்பள நாள் இல்ல, அது தெரியும்."

"அடுத்த சம்பளம் என்னைக்கு?"

"சனிக்கிழமை."

அக்காவின் தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன். குழறாமல், பொருத்தமாகப் பதில் வருகிறது, வியர்வையும் வருகிறது. பதில் உளறலாக இருந்திருந்தால் வாயில் ஒரு சொட்டும் ஊற்றாமல், உடம்பு முழுக்கத் தண்ணீர் கொட்டிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அப்படி இல்லாததால், உப்புச் சர்க்கரைக் கரைசலை மடக்கு மடக்காகக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டாள். இருந்தாலும் மருத்துவமனைக்கு அனுப்பினார்.

பிரச்சினை பிற்பகலில் வந்தது. மேலாளர் அலுவலக அறைக்கு எங்களைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து அந்தப் பொம்பளைங்க வேணாம்மா. ஆம்பளைங்க குழுவைப் போட்டுக்கறேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்ல. ஆனா இவங்களுக்கு வெயில் தாங்கல. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆம்பளைங்களுக்கு மட்டும் சூரியன் தள்ளுபடி குடுக்குதா சார்?" என்றார் அக்கா.

"அதே தண்ணி, அதே நிழல், அதே ஓய்வு. இங்க இருக்கிற ஆம்பளைங்கள்ல யாரும் விழலையே. தம்பி எழுதி வெச்சிருக்கானே, எல்லாரும் குடிச்சாங்கன்னு."

என் எழுத்து எனக்கு எதிராகவே சாட்சி சொன்னது. இல்லை, எனக்கு எதிராக அல்ல. எட்டுப் பெண்களின் வேலைக்கு எதிராக. மின்னலின் வீட்டில் அவள் கூலியும் நாத்தனார் கூலியும்தான் வருமானம் என்று எனக்குத் தெரியும்.

"நாளைக்கு ஒரு நாள் குடுங்க சார். திட்டத்துல எங்க ஓட்டைன்னு பார்த்துச் சொல்றேன். கிடைக்கலைன்னா உங்க இஷ்டம்," என்றார் அக்கா.

இன்று காலை அக்கா கையில் எந்தக் கருவியும் இல்லை. கையுறையும் கம்பி கட்டும் கொக்கியும்தான். நேராகப் பெண்கள் குழுவுக்குப் போய், மின்னல் இல்லாத இடத்தில் நாத்தனாருக்கு ஜோடியாக உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க கட்டினா சனிக்கிழமைக்குள்ள முடியாது தண்ணியக்கா," என்றாள் நாத்தனார்.

"முடிக்க வரல. கூட உட்கார வந்தேன்."

கால் மணிக்கு ஒரு குவளை கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா ஒவ்வொரு குவளையையும் கடைசிச் சொட்டுவரை குடித்தார். மற்றவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் உதட்டை நனைத்துவிட்டு, மீதியைத் தலைத்துணியில் ஊற்றிக்கொண்டார்கள். அத்தனை நாளும் நான் அந்த ஈரத்தை வியர்வை என்று நினைத்திருந்தேன். பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

ஒன்பதரை மணி வாக்கில் அக்கா கொக்கியைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு.

"கழிப்பறைக்கு எங்க போறீங்க?"

குழுத்தலைவி, கொஞ்சம் கண்டிப்பான ஆள், தளத்தின் வாசல் பக்கம் கை காட்டினாள். "போனா போகலாம்க்கா. வர முடியாது."

மஞ்சள் கொடி ஓய்வு தொடங்கியதும் அக்கா நடந்தார். நான் வாசல்வரை பின்னால் போனேன். கம்பி வளைக்கும் இடத்தைத் தாண்டி, ஜல்லிக் குவியலைச் சுற்றி, லாரிகள் நிற்கும் வரிசைக்கு முன்னால் போக வேண்டும். ஓட்டுநர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பெண்கள் கழிப்பறை, தூக்கி நகர்த்தக்கூடிய பெட்டி வகை. அதன் உள்தாழ்ப்பாள் உடைந்திருந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். அக்கா திரும்பி வந்தபோது ஓய்வு முடிந்து எல்லோரும் வெயிலில் குனிந்திருந்தார்கள். அவர் நிழலில் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை.

ஆண்கள் மண்மேட்டுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார்கள். நானும் அங்கேதான் போவேன். திட்டத்தில் தண்ணீர் ஒரு பக்கம், கழிப்பறை இன்னொரு பக்கம். இரண்டையும் தட்டச்சு செய்தவன் நான். ஒரு பக்கத்தில் குடிப்பது அடுத்த பக்கத்தில் போய் முடியும் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

"ஏம்மா சொல்லல?" என்று அக்கா கேட்டபோது குழுத்தலைவி கொக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொன்னா, பொம்பளைங்களை வெச்சா இந்தத் தொல்லைம்பாங்க. இன்னொரு காரணம் நாங்களே எடுத்துக் குடுக்கணுமாக்கா?"

அக்கா அதற்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "என் திட்டம்தான் ஓட்டை. இன்னைக்கு நானே குடிச்சுப் பார்த்துட்டேன்," என்றார்.

உச்சி வெயிலில், சிவப்புக் கொடி ஏறியிருந்தபோது, மேலாளரை வெளியே கூப்பிட்டார். "வாங்க சார், கொஞ்சம் நடந்துட்டு வரலாம்."

"இந்த வெயில்லயா?"

"இந்த வெயில்லதான்."

கம்பி கட்டும் இடத்திலிருந்து கழிப்பறைவரை போய்த் திரும்பினார்கள். மேலாளர் வரும்போது கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். கொட்டகையில் உட்கார்ந்து, கேட்காமலே ஒரு குவளை வாங்கிக் குடித்தார்.

"வாசல்ல வெச்சதுக்குக் காரணம் இருக்கும்மா. கழிவு உறிஞ்சுற லாரியோட குழாய் அதுக்கு மேல உள்ள எட்டாது."

"கான்கிரீட் லாரி உள்ளவரைக்கும் வருதில்ல சார்? அதே பாதைல சாயங்காலம் அந்த லாரி வரட்டும். ஓட்டுநர்கிட்ட பேசிட்டேன். அகலம் போதும்ங்கிறார்."

எப்போது பேசினார் என்று எனக்குத் தெரியாது. ஓட்டுநர்கள் முன்னால் நடந்துபோன அந்த நேரத்திலேயே இருக்கலாம். எனக்கு அங்கே தலை குனியத்தான் தோன்றியிருக்கும். அவருக்குப் பாதையின் அகலத்தைக் கேட்கத் தோன்றியிருக்கிறது.

மேலாளர் குவளையைக் கீழே வைத்தார். பிறகு, "கிரேன் காலைல ஆறு மணிக்குச் சும்மா இருக்கும். கழிப்பறையைக் கொட்டகை பக்கம் தூக்கி வெச்சுக்கோங்க," என்றார். எழுந்தவர் திரும்பி, "ஆம்பளைங்க குழுவை வர வேணாம்னு சொல்லிடறேன். அந்தப் பொண்ணு எப்ப வரும்?"

"டாக்டர் சரின்னு சொன்னதும். ஆனா முதல்ல அரை நாள், நிழல்ல. கம்பி வெட்டித் தர்ற வேலை. அப்புறம் மெதுவா வெயிலுக்கு."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் சொன்னாள்: "அண்ணியை நிழல்ல உட்கார வெச்சா எங்க எல்லாரையும் மேய்க்க ஆரம்பிச்சிரும். பரவால்ல, வரட்டும்."

அதன் பிறகு குவளையைக் கொண்டுபோனேன். யாரும் முழுதாகக் குடிக்கவில்லை. கழிப்பறை இன்னும் வாசலில்தானே இருக்கிறது. அதனால் பிற்பகல் முழுக்க அவர்களைக் கொட்டகைக்குள்ளேயே வைத்து, நிழலில் கம்பி அளந்து வெட்டும் வேலையைக் கொடுத்தார் அக்கா. நாளைக்கு வரும் வசதியை இன்றைக்கே வந்துவிட்டதாக அவர் எண்ணிக்கொள்ளவில்லை. நானாக இருந்தால் எண்ணிக்கொண்டிருப்பேன் என்று பயமாக இருக்கிறது.

ஆசிரியர் வந்துவிட்டார். நாளை வேலை:

காலை ஆறுக்கு முன் தளத்தில் இருக்க வேண்டும். கிரேன் கழிப்பறையைத் தூக்குவதற்கு முன் புது உள்தாழ்ப்பாளை மாட்டி, பூட்டிப் பார்க்க வேண்டும். வைக்கும் இடம் கொட்டகைக்குப் பின்புறம், கதவு லாரிப் பாதையைப் பார்க்கக் கூடாது. கழிப்பறைக்குப் போய்வரும் நேரத்தை ஓய்வு நேரத்திலிருந்து கழிக்கக் கூடாது என்று திட்டத்தில் சேர்க்க வேண்டும். குவளையைக் கொடுத்துவிட்டு நகராமல், குடித்து முடிக்கும்வரை நிற்க வேண்டும்.