ஹஸ்ஸானுக்குப் போன சுருக்கம்

ருமைசாவுக்குச் சுருக்கத் தெரியும் என்று அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரு பெருமை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்தால் போதும், துபாயிலிருந்து மூத்த அண்ணன் முகமது ஆசிக், குவைத்திலிருந்து அக்கா ஜன்னத், சவுதியிலிருந்து சின்ன அண்ணன் ஹஸ்ஸான் மூன்று பேரும் யாஹூ மெசஞ்சரில் கூடிவிடுவார்கள். லப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் ருமைசா உட்காருவாள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துத் தள்ளுவார்கள். ஒருத்தர் கேட்டதற்கு இன்னொருத்தர் பதில் சொல்வதற்குள் மூன்றாமவர் வேறு கதையைத் தொடங்கியிருப்பார். அந்த நேரத்தில் உள்ளே இல்லாதவருக்கு ஒரு வரிகூடப் போய்ச் சேராது. அப்படித் தவறவிட்டவருக்கு எஸ்எம்எஸ் அனுப்புவது ருமைசாவின் வேலை.

ஜன்னத் மகள் நிச்சயதார்த்தச் சாப்பாட்டுக்காக ரெண்டு மணி நேரம் அடித்துக்கொண்டதை அவள், 'பிரியாணிதான். பெரியம்மா கோவம். சரியாயிடும்' என்று முடித்திருந்தாள். அதைப் படித்துவிட்டு ஹஸ்ஸான், 'இவளை ஐ.நா. சபைக்கு அனுப்புங்கப்பா' என்று எழுதினான்.

2006-இல் நோன்புப் பெருநாள் முடிந்து மூன்றாவது வெள்ளி. அன்று சிரிக்க ஒன்றுமில்லை. நாலு பேரையும் பெத்த அத்தா அப்துல் மஜீது பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஈரல் முழுக்கக் கெட்டுப்போயிருந்தது. காலையில் டாக்டர் ருமைசாவை மட்டும் அறைக்குள் கூப்பிட்டு, "பத்து நாள் தாண்டுனா பெரிசும்மா, பாக்க வேண்டியவங்கள வரச் சொல்லிடுங்க" என்றார். அத்தாவுக்கும் தெரியாது, பக்கத்தில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கும் தெரியாது. அந்தப் பாழாய்ப்போன வாக்கை வயிற்றில் கட்டிக்கொண்டு அவள் தனியாக பிரவுசிங் சென்டருக்கு வந்தாள்.

ஹஸ்ஸான் அன்று வரவில்லை. பாலைவனத்தில் குழாய் பதிக்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை. கேம்ப்பில் போனுக்கு டவரே கிடையாது. வெள்ளிக்கிழமை மட்டும் டவுனுக்கு வண்டி விடுவார்கள், அன்றைக்குப் பகலெல்லாம் அவனுக்கு டியூட்டி போட்டுவிட்டார்கள், ராத்திரி வண்டியில்தான் டவுனுக்கு வர முடியும்.

டாக்டர் சொன்னதை ருமைசா அடித்தாள். அப்புறம் பிடித்தது பாருங்கள் மழை. சென்னைக்குக் கொண்டு போ என்றான் ஆசிக். அந்த உடம்பு அவ்வளவு தூரம் தாங்காது, வேண்டாம் என்றாள் ஜன்னத். இப்படியே ஒன்றரை மணி நேரம். கடைசியில் சென்னை வேண்டாம் என்று ஆனது. நடுவில் ஆசிக் ஒரே ஒரு வரி எழுதினான்: 'ஹஸ்ஸான உடனே வரச் சொல்லு. பாஸ்போர்ட் அவன் அரபி முதலாளி கபீல்கிட்ட இருக்கு, ஊருக்கு வர எக்ஸிட் விசா அடிக்கவே ஒரு வாரம் ஆவும்.' ஜன்னத் 'ஆமா' என்றாள். அவ்வளவுதான், அது முடிந்த பேச்சு. யாரும் அதற்குமேல் அதைத் தொடவில்லை. எல்லாரும் கலையும்போது ஜன்னத் கடைசியாக எழுதினாள்: 'பயமுறுத்தாம எழுதுடி. தனியா கிடக்குற புள்ள.'

வெளியே வந்து ஒரு டீக்கடை ஓரமாக நின்று போனை எடுத்தாள். ஒரு மெசேஜுக்கு நூற்றறுபது எழுத்து. 'அத்தாவுக்கு ரொம்ப முடியல. டாக்டர் பத்து நாள்னு சொல்றார். உடனே வா' என்று அடித்தாள். படித்துப் பார்த்தாள். டியூட்டி முடிந்து புழுதியோடு வரும் ஹஸ்ஸான், பக்கத்தில் தோள் சாயக்கூட ஆளில்லாமல் இதைப் படிப்பதை நினைத்ததும் அவள் விரல் அழிக்கிற பொத்தானுக்குப் போனது. அவள் ஊரில் பாதி வீட்டில் வெளிநாட்டில் ஆள் உண்டு. கெட்ட சேதியை அங்கே பொடிப்பொடியாக்கி, தண்ணீர் கலந்துதான் அனுப்புவார்கள். அதுதான் பாசம் என்று வளர்ந்தவள் அவள். வரி வரியாக அழித்தாள். ஒன்றரை மணி நேரம் பேசியது சென்னையைப் பற்றித்தானே, அதுவே பெரிதாக வந்து நின்றது. கடைசியாக காதில் இருந்தது அக்காவின் சொல்.

'அத்தா ஆஸ்பத்திரியில. சென்னை வேணாம்னு முடிவு. டாக்டர் நல்லா பாக்குறார். பயப்படாத, துஆ செய். லீவு கிடைக்கும்போது வா.' அனுப்பிவிட்டாள்.

மகராசி, ஐ.நா. சபைக்குப் போக வேண்டியவள்!

ராத்திரி பதில் வந்தது. 'அல்ஹம்துலில்லாஹ். உசுரு வந்துச்சு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வரேன், அத்தாகிட்ட சொல்லு.' அதற்கு இன்னும் ஐம்பது நாள் இருந்தது.

மறுநாள் காலையில் அத்தா கண்ணைத் திறந்து, "ஹஸ்ஸானுக்குச் சொன்னியா?" என்று கேட்டார்.

"சொன்னேன் அத்தா."

"என்ன சொன்னான்?"

"பெருநாளுக்கு வரேன்னுச்சு."

அத்தா முகத்தை அவள் பக்கம் திருப்பினார். அவரிடம் யாரும் சொல்லவில்லைதான். ஆனால் சாகிறவனுக்கு யார் சொல்ல வேண்டும்? "பெருநாளுக்கா," என்றார். "நான் இப்படிக் கெடக்கேன்னு தெரிஞ்சுமா?"

இல்லை அத்தா, நான்தான் சொல்லவில்லை என்று சொல்லிவிடத்தான் பார்த்தாள். எதைச் சொல்லவில்லை என்று அவர் கேட்பார். பத்து நாள் என்பதை அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அம்மா வேறு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ருமைசா போர்வையை அவர் மேல் இழுத்துவிட்டாள். அத்தா சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவள் படியிறங்கி ஓடி, ரோட்டில் நின்றபடியே அடித்தாள். 'நான் தப்பா எழுதிட்டேன். டாக்டர் பத்து நாள்தான் சொன்னார். அண்ணன் உடனே வரச் சொன்னாங்க. உடனே வா.' இப்போது சுருக்கம் எவ்வளவு சுலபமாக வந்தது! ஆனால் போய்ச் சேர்ந்ததற்கான ரிப்போர்ட் வரவில்லை. போன் போட்டால் அரபியில் ஒருத்தி என்னமோ சொன்னாள். ஹஸ்ஸான் விடியும் முன்பே கேம்ப்புக்குப் போய்விட்டிருந்தான். ஆசிக்கிடம் அழுதுகொண்டே சொன்னாள். அவன் துபாயிலிருந்து அந்தக் கம்பெனி ஆபீசுக்குப் போன் மேல் போன் போட்டான். சைட்டுக்குச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆசிக்கும் ஜன்னத்தும் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தார்கள். அத்தா இருவர் கையையும் பிடித்துக்கொண்டார். மூன்றாவது பிள்ளையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது ருமைசா விழுந்து அழுது சொல்லித் தொலைத்திருப்பாள். புதன்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன்னால் அத்தா மவுத்தானார். ஊருக்குக் கொண்டுபோய் பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். அந்தச் சேதியையும் அவள்தான் அடித்து அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. வீடு நிறைய ஆட்கள். அவள் கொல்லைப்பக்கம் போய் எடுத்தாள்.

"ருமைசா." ஹஸ்ஸானின் குரல் அடையாளமே தெரியவில்லை. "வண்டி டவுனுக்குள்ள வருது, ரெண்டு மெசேஜும் ஒண்ணா வந்து விழுவுது. உடனே வான்னு ஒண்ணு, அடக்கம் முடிஞ்சுதுன்னு இன்னொண்ணு. எத முன்ன படிச்சேன்னே தெரியலடி."

"என்னயத் திட்டுண்ணே. எல்லாம் என்னாலதான். அண்ணன் அன்னைக்கே உடனே வரச் சொன்னாங்க. நான்தான் எழுதல."

அவன் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அத்தா என்னயக் கேட்டாங்களா?" என்றான்.

"கேட்டாங்கண்ணே."

"என்ன கேட்டாங்க? ஒண்ணு விடாம சொல்லு. சுருக்காத."

ருமைசா கொல்லைச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தெரிஞ்சுமா என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிய அந்த முதுகு அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. அதைச் சொன்னால் இவனும் அதைச் சாகும்வரை பார்த்துக்கொண்டே கிடப்பான்.

"நல்லா இருக்கானான்னு கேட்டாங்க," என்றாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாண்ணே."