பதினாலு நிமிஷம் பன்னிரண்டு செகண்டு

"இறங்காதீங்க," என்றது டேப்லெட்.

தேவசகாயம் விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். கழிவுநீர்ப் பிரிவில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர். பாம்பையே வாலைப் பிடித்துத் தூக்கி எறிந்தவர். "பாத்தீங்களா மேடம்? நேத்து கடைசி வரைக்கும் பாத்தேன். இன்னிக்குத் தொறந்தா மறுபடியும் அங்கேர்ந்தே பேசுறான்."

ஜாஸ்மின் திரையைப் பார்த்தாள். 14:12. இரும்பு மூடி திறந்த ஒரு தொட்டி. அதன் முன்னால் ஹெல்மெட் போட்ட ஒருவர் கையை நீட்டித் தடுத்து நிற்கிறார். "மொதல்ல அழுகின முட்டை நாத்தம் வரும். அப்புறம் நாத்தமே தெரியாது. நின்னுடுச்சுன்னு நெனைக்காதீங்க, மூக்குதான் செத்துப்போச்சு. இறங்காதீங்க."

ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி போகும் சாலையில் உள்ள அந்தத் தோல் தொழிற்சாலையில் ஜாஸ்மின் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பாதுகாப்பு வீடியோவை அத்தனை பேரும் கம்பெனிக் கணக்கில், இந்த டேப்லெட்டில், யூடியூபில் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு முன்பே ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். ஏன் முன்பே என்று ஜாஸ்மின் கேட்டதற்கு, "பாத்துட்டுப் போடச் சொன்னா மறந்துடுவாங்கம்மா," என்றிருந்தார் ஜெனரல் மேனேஜர் பிரேம்நாத்.

இருபத்திரண்டு நிமிட வீடியோவில் முதல் பதினாலு நிமிடம் பிரேம்நாத்தான். கம்பெனியின் வரலாறு, தாம் இத்தாலி போய்வந்த விவரம், பாதுகாப்பு என்பது ஒரு பண்பாடு என்ற தம் சொந்தக் கருத்து, அதைத் தாமே ஆமோதித்தது. அதன் பிறகுதான் தொட்டி.

"இது செத்துப்போன கோபியோட வேலைதான் மேடம்," என்றார் தேவசகாயம், குரலைத் தாழ்த்தி.

கோபி மார்ச் பதினாலாம் தேதி கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிச் செத்துப்போனவன். கேட்டுக்குப் பக்கத்துப் பலகையில் இன்னும் அந்த நோட்டீஸ் இருந்தது: முழுப் பயிற்சி பெற்றிருந்தும் விதிகளை மீறி, சொந்த அஜாக்கிரதையால் உயிரிழந்தார். ஃபினிஷிங் பிரிவில் வேலை செய்யும் அவன் மனைவி பாக்யலட்சுமி தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு வருவாள்.

"டேப்லெட் பழசு. அதான்," என்றாள் ஜாஸ்மின்.

தன் சொந்த போனில் அதே வீடியோவைத் திறந்தாள். பிரேம்நாத் டை கட்டி, முதல் நொடியிலிருந்து வணக்கம் சொன்னார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் கம்பெனிக் கணக்கில் நுழைந்து திறந்தாள்.

"இறங்காதீங்க."

தேவசகாயம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "மிசினை மாத்தினாலும் கூடவே வர்றானே! ஆளை வுடுங்க மேடம், ஒரே பேஜாரு." கையெழுத்து ஏற்கெனவே போட்டிருந்ததால் அவருக்கு உட்கார்ந்திருக்க அவசியமும் இல்லை. போய்விட்டார்.

ஜன்னல் வழியே மதிய வெயில் மேஜை மேல் விழுந்திருந்தது. காற்றில் எப்போதும் இருக்கும் அந்தத் தோல் வாடை. திடீரென்று அது தெரியவில்லை என்று ஜாஸ்மினுக்குத் தோன்றியது. மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். வாடை இருந்தது. பரவாயில்லை.

வியாழக்கிழமை தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் கேத்தரின் கோபியின் சாவு பற்றிய விசாரணைக்கு வருகிறார். அதற்குள் எல்லாரும் பார்த்ததற்கு ஹிஸ்டரியில் ஆதாரம் காட்ட வேண்டும் என்பது பிரேம்நாத்தின் உத்தரவு. ஜாஸ்மின் ஹிஸ்டரியைத் திறந்தாள். இன்று ஒன்றுமில்லை. நேற்று ஒன்றுமில்லை. ஜூலை, ஜூன், மே, ஏப்ரல் எதுவுமே இல்லை. இருநூறு பேர் உட்கார்ந்து பார்த்த வீடியோவை யாருமே பார்க்காதது போலிருந்தது. கடைசியாக இருந்த பதிவு மார்ச் 14, காலை 7:31. படத்தின் அடியில் சிவப்புக் கோடு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் நின்றிருந்தது.

ரிஜிஸ்டரைப் புரட்டினாள். மார்ச் 14, காலை 7:30. ஒரே ஒரு கையெழுத்து. கோபி.

ரிஜிஸ்டரை மூடிவிட்டு நிமிர்ந்தாள். பிறகு திரையின் மேல்பக்கம் ஒரு சின்ன வரி கண்ணில் பட்டது: ஹிஸ்டரி நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

பேய் அவ்வளவுதான். அந்த ஸ்விட்சை யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்திய பிறகு பார்ப்பது எதுவும் பதிவாகாது. எங்கே விட்டோம் என்பதும் சேராது. ஆனால் நிறுத்துவதற்கு முன்னால் பதிவானது அழியாது. அதனால்தான் யார் திறந்தாலும் கோபி விட்ட இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறது. அது டேப்லெட்டில் இல்லை, கணக்கில் இருக்கிறது. அதனால்தான் கம்ப்யூட்டருக்கும் வந்தது.

காரணம் தெரிந்ததும் பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை.

பாக்யலட்சுமியைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவள் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"அக்கா, அன்னிக்குக் காலைல அவரு பயிற்சிக்கு வந்தாரா?"

"வந்தாரு. பாதியிலயே பம்பு அடைச்சிக்கிச்சுன்னு மைக்குல கூப்டாங்களாம். ஜி.எம். சார் மூஞ்சிய மட்டும் பாத்துட்டு வந்தேன்டீன்னு கேட்டாண்ட சிரிச்சிக்கினே சொல்லிட்டுப் போனாரு." பாக்யலட்சுமி திரையைப் பார்த்தாள். "இன்னாது இது?"

"அவரு நிறுத்தின இடம்."

தொட்டியின் முன்னால் நீட்டிய கை அசையாமல் நின்றது. பாக்யலட்சுமி அதையே வெகுநேரம் பார்த்தாள். "இன்னும் ஒரு நிமிஷம் உக்காந்திருந்தா," என்றாள்.  பிறகு, "இதை அழிச்சிருவாங்களா?"

"ஹிஸ்டரிய ஆன் பண்ணிட்டு யாராவது ஒருத்தர் கடைசி வரைக்கும் பாத்தாலே போதும். இந்த இடம் போய்டும்."

அன்று சாயங்காலமே பிரேம்நாத் கேட்டார். "இன்னாம்மா, ஹிஸ்டரி ரெடியா? ஒரு தட்டு தட்டினா ஆகிற வேலை."

"ஆமா சார், ஒரு தட்டுதான்," என்றாள் ஜாஸ்மின். தட்டவில்லை. அந்தப் பக்கத்தைத் தன் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு, டேப்லெட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை கான்ஃபரன்ஸ் அறையில் பூங்கொத்து, முந்திரி, தண்ணீர் பாட்டில்கள். பாக்யலட்சுமி கதவோரம் உட்காரவைக்கப்பட்டிருந்தாள். பிரேம்நாத் டேப்லெட்டை இரண்டு கைகளாலும் இன்ஸ்பெக்டர் முன் வைத்தார். "எங்க பாதுகாப்புப் பண்பாடு, மேடம். நானே பேசியிருக்கேன்." திரையைத் தொட்டார்.

"இறங்காதீங்க."

பிரேம்நாத் சிரித்தபடி சிவப்புக் கோட்டை ஆரம்பத்துக்கு இழுத்தார். திரையில் அவர் வணக்கம் சொன்னார். இத்தாலிக்குக் கிளம்பும்போது கேத்தரின் கையை உயர்த்தினார். "மூடிட்டு மறுபடி தொறங்க சார்."

"இறங்காதீங்க."

"ஏன் அங்கேயே வருது?"

"டெக்னிக்கல் ஃபால்ட் மேடம். சர்வர்."

கேத்தரின் ஹிஸ்டரிப் பக்கத்தைத் தாமே திறந்தார். "மார்ச் பதினாலு, ஏழு முப்பத்தொண்ணு. இது யாரு?"

"இருக்காதே!" பிரேம்நாத் எட்டிப் பார்த்தார். "அன்னிக்கே நான் என் கையால எல்லாத்தையும் எடுத்து..."

கேத்தரின் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"எடுக்கல சார்," என்றாள் ஜாஸ்மின். "அழிக்கிறதுக்கு வேற பட்டன். நீங்க நிறுத்துற பட்டனைத் தட்டியிருக்கீங்க. தட்டாம இருந்திருந்தா, அடுத்த நாள் வந்து பாத்தவங்களே இதை அழிச்சிருப்பாங்க." ரிஜிஸ்டரைத் திறந்து கோபியின் கையெழுத்தைக் காட்டினாள்.

கேத்தரின் எழுதத் தொடங்கினார். பிரேம்நாத் தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தார். மூடி சுற்றிக்கொண்டே இருந்தது, வரவில்லை.

பாக்யலட்சுமி எழுந்து வெளியே போனாள். கேட்டுப் பக்கத்துப் பலகையிலிருந்து காகிதம் கிழியும் சத்தம் கான்ஃபரன்ஸ் அறை வரை கேட்டிருக்க வழியில்லை. ஆனாலும் பிரேம்நாத் திடுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அவர் முழங்கை திரையில் பட்டது.

வீடியோ மறுபடி ஆரம்பித்தது. அதே இடத்திலிருந்து.