அணையும் நானூற்றுப் பன்னிரண்டு நத்தைகளும்

மனித குலத்தின் வரலாறு என்பது நதிகளோடு அது நடத்திவந்த நெடிய உரையாடலே.

இந்த வரியை எழுதியவர் அணைக் கோட்டத்தின் செயற்பொறியாளர். முந்தைய ஆண்டு அடிக்கல் நாட்டு விழாவில் அமைச்சர் படிப்பதற்காக எழுதியது. மழை வந்து அமைச்சர் படிக்காமலே மேடையை விட்டு இறங்கிவிட்டதால், வீணாகக் கூடாதே என்று தன் கட்டுரைக்கு முதல் வரியாக வைத்துக்கொண்டார்.

அணைக்கு இன்னும் சூழல் அனுமதி வரவில்லை. அடிக்கல் மட்டும் முந்திக்கொண்டு வந்து, கம்பி வேலிக்குள் உட்கார்ந்திருந்தது. அனுமதி தருவதற்கு முன், அதை ஆராயும் குழுவினர் புது நிபந்தனை ஒன்று போட்டார்கள்: அணையின் தலைமைப் பொறியாளராக வருகிறவர் சூழல் அறவியலில் ஒரு சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். தலைமைப் பொறியாளர் நாற்காலி மாதக் கடைசியில் காலியாகிறது. அடுத்து உட்கார வேண்டியவர் நம்மவர். அவருக்கு ஓய்வு பெற இருந்தது பதினான்கு மாதம். இப்போது விட்டால் பிறகு கிடையாது.

கொத்தனார் மட்டம் பார்க்கும் கருவியான 'ரசமட்டம்' என்றே அலுவலகத்தில் அவருக்குப் பெயர். எந்த விவாதத்திலும் அவருடைய குமிழி நட்ட நடுவில் நிற்கும். அந்தப் பழக்கத்திலேயே சான்றிதழ் வகுப்புக்கான கட்டுரையையும் எழுதினார். கேள்வி இதுதான்: பெரிய அணை கட்டுவதை மனித மையப் பார்வையிலும் சூழல் மையப் பார்வையிலும் ஆராய்ந்து, உங்கள் முடிவைக் கூறுக.

மனித மையத்துக்கு ஆறு பக்கம். பாசனம், மின்சாரம், குடிநீர், வெள்ளத் தடுப்பு. இடம்பெயரும் தொள்ளாயிரம் குடும்பங்கள் ஓர் அட்டவணைக்குள் வசதியாக அடங்கிவிட்டன. சூழல் மையத்துக்கு அரைப் பக்கம். வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் பத்து கன்று, மீன்கள் அணையைத் தாண்ட ஒரு மீன் ஏணி, நீர்த்தேக்கத்தில் படகு சவாரி. முடிவு: இரண்டையும் சமன் செய்வதே சிறந்தது.

பத்துக்கு மூன்று போட்டுக் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார் வகுப்பு ஆசிரியர். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: "இரண்டு பக்கமும் மனிதன்தான் நிற்கிறான். ஒரு பக்கம் கையில் மண்வெட்டி, இன்னொரு பக்கம் மரக்கன்று. மூன்று வாரத்தில் மறுபடி எழுதலாம். அதோடு சரி."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்த மனைவியின் தங்கையிடம் கட்டுரையைக் கொடுத்தார். அவள் நன்னீர் நத்தைகளை ஆராய்கிறவள். அதுவரை அவர் அதை ஒரு வேலை என்று ஒப்புக்கொண்டதில்லை.

"அத்தான், இந்த மீன் ஏணி யாருக்கு?"

"மீனுக்குத்தான்."

"மீன் ஏறலேன்னா யாருக்கு நஷ்டம்னு எழுதியிருக்கீங்க?"

"மீன் பிடிக்கறவங்களுக்கு."

"அப்போ அது மீனவர் ஏணி."

"இவராலேயே ஒரு படி ஏற முடியல, மீனை ஏத்தி விடப் போறாராம்" என்றாள் மனைவி, துவைத்த துணியை மடித்துக்கொண்டே.

"மனுஷ மையம்னா அணை வேணும், சூழல் மையம்னா வேண்டாம். அவ்வளவுதானே?" என்று கேட்டார் ரசமட்டம்.

"அவ்வளவு இல்ல. வீடு போற தொள்ளாயிரம் குடும்பமும் மனுஷங்கதான். கடல் ஓரத்துல விவசாயம் பண்றவங்களும் மனுஷங்கதான். வண்டல் எல்லாம் அணைக்குப் பின்னால தங்கிட்டா அவங்க நிலத்துல உப்புத் தண்ணி ஏறும். அவங்களுக்காக அணை வேண்டாம்னு சொன்னா அதுவும் மனுஷ மையம்தான். நீங்க சொல்ற காரணம் கடைசியில எங்க போய் முட்டுதுன்னு பாருங்க. மனுஷன்கிட்ட முட்டினா மனுஷ மையம். ஆத்துக்கே மதிப்பு இருக்கு, யாருக்கும் உதவாட்டாலும் இருக்குன்னு முடிஞ்சாத்தான் சூழல் மையம்."

"எல்லாம் ஒரே இடத்துக்குத்தானே வருது. ஆறு நல்லா இருந்தா மனுஷன் நல்லா இருப்பான்."

"பாதி வழி ஒண்ணாத்தான் வரும். எங்க பிரியுதுன்னு தெரியணும்னா, ஒருத்தருக்கும் பிரயோஜனம் இல்லாத ஒண்ணு வேணும்."

கைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே மிளகு அளவில், சாம்பல் நிறத்தில், வெள்ளை வரி ஓடிய ஓர் ஓடு.

"உங்க அணைக்கு மேல குறுகலா ஒரு பள்ளத்தாக்கு இருக்கில்ல? அங்க தண்ணி வேகமா விழற நாற்பது மீட்டர்ல மட்டும்தான் இது இருக்கு. யாரும் சாப்பிடறதில்ல. மருந்து கிடையாது. இதை நம்பி எந்த மீனும் இல்ல. நீங்க தண்ணியைத் தேக்கினா இது போயிடும். போனா யாருக்கு என்ன?"

ரசமட்டம் நேர்மையாக யோசித்தார். "ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல."

"அதான் கேள்வி. இங்கேருந்து எழுதுங்க."

"பிடிச்சு வேற இடத்துல விட்டா?"

"அது நத்தை மேல பரிதாபம். நல்ல குணம்தான், ஆனா சூழல் மையம் தனித்தனியா உயிரை எண்ணறதில்ல. விழற தண்ணி, அது கழுவுற பாறை, பாறை மேல வர்ற பாசி, அதை மேயற நத்தை. இந்த மொத்தத்துக்கும்தான் மதிப்பு. தண்ணி நின்னுட்டா, நத்தையைத் தொட்டியில வச்சிருந்தாலும் அது போனது போனதுதான்."

"அப்படின்னா தண்ணியில்லாத ஊரைவிட நத்தை பெருசா?"

"சூழல் மையத்துக்கு எதிரா எல்லாரும் கேக்கறது அதைத்தான். காட்டைக் காப்பாத்தறேன்னு ஏழையை விரட்டின கதையும் உண்டு. அதையும் எழுதுங்க. எனக்கே முழுசா பதில் தெரியாது."

"தெரியாதுன்னு எழுதினா மார்க் வருமா?"

"உங்க ஆபீஸ் கோப்பு மாதிரி எழுதினா வராதுன்னுதான் தெரிஞ்சுபோச்சே" என்றாள் மனைவி.

இரண்டாவது கட்டுரையை அவர் உண்மையாகவே எழுதினார். எழுத எழுத, இத்தனை வருடம் தானே போட்ட வரைபடங்கள் வேறு மாதிரி தெரிந்தன. நூற்றுப் பத்து மீட்டர் உயர அணை முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஓட்டத்தை நிறுத்திவிடும். தேக்கத்தின் அடியிலிருந்து திறக்கும் தண்ணீர் கோடையிலும் குளிர்ந்திருக்கும். கீழே மீன்கள் முட்டையிடாது. இதுவரை இரண்டு பார்வைகளும் கைகோத்து நடக்கின்றன. பள்ளத்தாக்கில் வந்து கையை விடுகின்றன. தேவையில் மூன்றில் இரண்டு பங்கைப் பழைய கால்வாய்களைச் செப்பனிட்டே தீர்க்கலாம் என்று அவருடைய கோட்டத்துக் கணக்கே சொன்னது. மிச்சம் ஒரு பங்கு மனிதனுக்கு உயிர் போகிற தேவையா, வசதியா? வசதிதான் என்றால் பள்ளத்தாக்கு வெல்ல வேண்டும். ஆகவே இந்த இடத்தில் இந்த அணை கூடாது.

முதல் வரியை மட்டும் அவர் மாற்றவில்லை. பத்துக்கு ஒன்பது கிடைத்தது.

அணை கட்டக் கூடாது என்று சிறப்பாக எழுதியதால் அணை கட்டும் பதவி அவருக்கு வந்தது. சூழல் அனுமதி கிடைக்கும் நாளிலிருந்து நடைமுறைக்கு வரும் என்று ஆணையின் கடைசி வரியில் இருந்தது. மனைவி இனிப்பு வாங்கிவரச் சொன்னாள். அவர் அரைக் கிலோ வாங்கிவந்தார்.

வினை, அலுவலக எழுத்தர் வடிவில் வந்தது. அணையின் அனுமதிக் கோப்பில் சான்றிதழை மட்டும் சேர்த்திருக்கலாம். எழுத்தர் ஒழுங்கானவர், கட்டுரையையும் சேர்த்தார். கோப்பில் சேரும் எந்தத் தாளுக்கும் பத்தி எண் போட வேண்டும், ஒவ்வொரு பத்திக்கும் சம்பந்தப்பட்ட அதிகாரி பதில் எழுத வேண்டும், ஒரு பத்திக்குப் பதில் இல்லையென்றாலும் கோப்பு நகராது என்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். கட்டுரையில் முப்பத்தொரு பத்திகள். சம்பந்தப்பட்ட அதிகாரி ரசமட்டம்.

"சார், உங்க கேள்விக்கு நீங்களே பதில் சொல்றது நல்லதுதானே" என்றார் எழுத்தர். "வேற யாராவது கேட்டிருந்தா இன்னும் கஷ்டம்."

பத்தி ஒன்று, மனித குலத்தின் வரலாறு: 'குறித்துக்கொள்ளப்பட்டது.' பத்தி பன்னிரண்டு, குளிர்ந்த நீர்: 'வெவ்வேறு உயரங்களில் மதகுகள் அமைத்து மேல்மட்ட நீர் திறக்கப்படும்.' பத்தி பதினேழு, ஆற்றின் ஓட்டம்: 'பருவத்துக்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் நீர் விடப்படும்.' இவற்றை எழுதும்போது அணை முன்னைவிட நன்றாகவே ஆகிவிட்டதை அவர் கவனித்தார். இரண்டு பார்வைகளும் ஒத்துப்போகும் இடங்களில் கான்கிரீட்டும் ஒத்துழைத்தது.

பத்தி இருபத்து மூன்று, பள்ளத்தாக்கு. மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வாதத்தில் ஓட்டை தேடினார். ஒன்பது மதிப்பெண் வாங்கிய வாதம், ஓட்டை அகப்படவில்லை. நான்காம் நாள் பள்ளத்தாக்குக்கு ஆள் அனுப்பினார். ஐந்தாம் நாள் எழுதினார்: 'மேற்படி இடத்தில் உள்ள நத்தைகள் அனைத்தும் கணக்கெடுக்கப்பட்டு, சிவப்பு வண்ணத்தால் அடையாளமிடப்பட்டுள்ளன; மாற்று இடத்துக்குக் கொண்டுசெல்லப்படும். எண்ணிக்கை 412. நேரில் சரிபார்க்கப்பட்டது.'

கணக்கெடுத்தது நில அளவைப் பிரிவு. நத்தையை அவர்கள் கண்டதில்லை; மிளகு அளவு, சாம்பல் நிறம், வெள்ளை வரி, பாறைமேல் ஒட்டியிருக்கும் என்ற குறிப்பு கையில் இருந்தது. நில மட்டம் குறிக்கக் கற்களில் மட்டக்குறி வைக்கும் அதே தூரிகையால் ஒரே பிற்பகலில் முடித்துவிட்டார்கள். ரசமட்டம் ஜீப்பிலிருந்து இறங்கி, எட்ட நின்று சிவப்புப் புள்ளிகளைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் அனுமதிக் குழு பள்ளத்தாக்குக்கு வந்தது. தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. அறவியல் தெரிந்த உறுப்பினராக வகுப்பு ஆசிரியரும் இருந்தார். நத்தை நிபுணர் என்ற முறையில் தங்கையையும் அழைத்திருந்தார்கள். அவள் அத்தானைப் பொதுவில் 'சார்' என்று கூப்பிட்டது அவருக்கு நல்ல அறிகுறியாகப் படவில்லை.

"பத்தி இருபத்து மூணு கேட்டது இந்த இடத்துக்கு மதிப்பு உண்டான்னு" என்றார் ஆசிரியர். "நீங்க எத்தனை நத்தைன்னு பதில் சொல்லியிருக்கீங்க. கேள்வி எழுதினவருக்கு இந்தப் பதில் போதுமா?"

"கேள்வி எழுதும்போது நான் மாணவன் சார். இப்போ அதிகாரி."

தலைவிக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். "தத்துவம் இருக்கட்டும். வேற இடத்துல அவை பிழைக்கும்னா, இந்த ஒரு பத்தியை நான் தடையா நினைக்க மாட்டேன். முதல்ல ஒண்ணைக் காட்டுங்க."

பாறை வழுக்கியது. அவர் மண்டியிட்டு முதல் சிவப்புப் புள்ளியைக் காட்டினார். தங்கை உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். விரல் நகத்தால் சுரண்டினாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, விழுகிற தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு கல்லைத் தடவினாள். அங்கே வண்ணம் எதுவும் இல்லை. அளவையாளர்கள் நனையாத பக்கமாகவே எண்ணியிருந்தார்கள்.

"என்னம்மா?" என்றார் தலைவி.

தங்கை அத்தானின் முகத்தைப் பார்த்தாள். "எல்லாத்தையும் பார்த்துட்டுச் சொல்றேன் மேடம்."

பார்த்து முடிக்க மாலை ஆயிற்று. பத்தி இருபத்து மூன்றுக்குப் பதில் இல்லை என்று குழு கோப்பைத் திருப்பி அனுப்பியது. மாற்று இடங்களையும் கால்வாய்ச் செப்பனிடலையும் இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்துவிட்டு வரச் சொன்னது. பதவி ஆணையின் கடைசி வரி அப்படியே நின்றது; அனுமதி வருவதற்குள் அவர் ஓய்வு பெற்றிருப்பார்.

சிவப்பு வண்ணம் பூசப்பட்டிருந்த நானூற்றுப் பன்னிரண்டும் பறவை எச்சம்.