பின்கதவை உடைத்துப் போனவன்

புர்ஹான் கையில் சுத்தியலோடு வந்து முன்வாசலில் நின்றான். ரொஹாயாத்தி பூட்டிய கம்பிக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

கணவனின் தம்பி அவன். காப்பீட்டுக் கம்பெனிகளைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் என்று அவனுக்கே ஒரு நம்பிக்கை. திருடன் உடைத்துக்கொண்டு உள்ளே வந்த அடையாளம் இல்லாவிட்டால் ஒரு வெள்ளிப் பணம்கூடத் தரமாட்டார்கள் என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். காப்பீட்டு மதிப்பீட்டாளர் வரும் நேரம் நெருங்கிவிட்டது. முன்பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஒரே அடிதான் அண்ணி. நகருங்க."

"அவன் இந்த வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு வந்தான். நான் வாங்கன்னு சொன்னேன். ரெண்டாவது தடவயும் ரெண்டாங் கறி கேட்டு வாங்கித் தின்னான். இதுதான் நடந்தது."

"இதைச் சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

நோன்புப் பெருநாளன்று வீடு திறந்தே கிடக்கும். வருகிறவரை யாரென்று கேட்பது வழக்கமில்லை. பச்சை உடுப்பில் வந்தவனைப் புர்ஹானின் கூட்டாளி என்று அவள் நினைத்தாள். அவளுடைய பக்கத்து உறவு என்று புர்ஹான் நினைத்தான். கப்பலில் வேலை பார்க்கும் கணவன் ஊரில் இருந்திருந்தால் அவனும் வேறு யாரையாவது நினைத்திருப்பான். கூட்டம் கலைந்ததும், முன்வாசலை வெளியிலும் பின்வாசலை உள்ளிருந்தும் பூட்டிவிட்டு, சாவிக் கொத்தோடு எல்லோரும் மாமியார் வீட்டுக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது பின்வாசல் பூட்டு உடைந்து கிடந்தது. அலமாரியில் இருந்த வளையல்களைக் காணவில்லை. வருடத்துக்கு ஒன்றாகத் தன் சம்பளத்தில் வாங்கியவை அவை. அவற்றை விற்றுத்தான் மகளைச் செவிலியர் படிப்பில் சேர்ப்பதாக இருந்தது. அன்றே போலீசில் எழுதிக் கொடுத்தபோதும் இதையேதான் சொன்னாள்.

புர்ஹான் சுத்தியலைக் காரில் போட்டான். கோபத்தில் கார்க் கதவை அறைந்து சாத்தினான்.

தியோ என்ற அந்த மதிப்பீட்டாளர் அதிகம் பேசாத மனிதர். சன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். முன்பூட்டை டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு எப்படி உள்ளே வந்தான் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் அதைக் குறித்துக்கொண்டார். புர்ஹான் தொண்டையைச் செருமினான்.

திறந்த வாசல் வழியாக வந்து, திறந்த வாசல் வழியாகவே வளையலோடு போயிருந்தால் இந்தக் காப்பீட்டில் ஒன்றும் கிடைக்காது என்று தியோ மெதுவாகச் சொன்னார். புர்ஹான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் கண்டுகொள்ளவில்லை. அவரை மாடிப்படிக்கு அடியில் இருந்த சாமான் அறைக்குக் கூட்டிப்போனாள். எல்லோரும் போகும்வரை அவன் ஒளிந்திருந்த இடம் அது. பழைய பாய்களுக்குப் பின்னால் எலும்பும், இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சிகளும் காய்ந்து கிடந்த ஒரு தட்டு. போலீஸ் படமெடுத்த பிறகும் அவள் அதை எடுக்கவில்லை.

பின்வாசலில் பூட்டு தொங்கிய கொண்டி பிய்ந்து வந்திருந்தது. கம்பிக் கதவின் உட்பக்கத்தில் அடித்த தழும்புகள். கீழே, சம்பல் இடிக்கும் அவளுடைய கல்லுரலின் குழவி முனை உடைந்து கிடந்தது.

"எல்லா அடியும் உள்ளேருந்து விழுந்திருக்கு. வீட்டுக்குள்ள இருக்கிற யாரும் இதைச் செய்யலாம் இல்லையா, அக்கா?" என்று கேட்டார் தியோ.

தன்னைத் திருடி என்கிறார் என்பது அவளுக்கு மெல்லத்தான் உறைத்தது. குரலை உயர்த்தவில்லை.

"செய்யலாம். ஆனா பொய் சொல்றவ முன்பூட்டை உடைச்சு வச்சிட்டு உங்களக் கூப்பிட்டிருப்பா. திருடனுக்கு நான்தான் சோறு போட்டேன்னு உங்ககிட்ட எதுக்கு வந்து சொல்லப்போறா? எழுதுங்க. நான் சொன்னதை சொன்னபடி எழுதுங்க. குறைச்சும் வேணாம், கூட்டியும் வேணாம்."

தியோ குனிந்து கொண்டியை மறுபடி பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

"உடைச்சு உள்ளே வந்தாலும் சரி, உடைச்சு வெளியே போனாலும் சரி. ரெண்டுக்கும் இந்தக் காப்பீடு உண்டு. முடிவு கம்பெனியோடது. நான் இப்படித்தான் எழுதப்போறேன்." பிறகு புர்ஹானிடம் திரும்பி, முன்பூட்டில் புதுசாக அடி விழுந்திருந்தால் எல்லாமே போயிருக்கும் என்றார். புர்ஹான் கார் நின்ற திசையில் பார்க்காமலிருக்கப் பாடுபட்டான்.

நகைக்கு வரம்பு உண்டு. ரசீது இருந்த வளையல்களுக்கும் அந்த வரம்பு வரைக்கும்தான் பணம் வந்தது. மகளைச் சேர்க்க அது போதுமானதாக இருந்தது.

அடுத்த பெருநாளுக்கு வாசலில் ஆள் வைத்து, தெரிந்தவர்களை மட்டும் உள்ளே விடலாம் என்று புர்ஹான் யோசனை சொன்னான்.

"வாசல் திறந்துதான் இருக்கும்," என்றாள் ரொஹாயாத்தி, முனை உடைந்த குழவியால் மிளகாயை இடித்துக்கொண்டே. "வர்றவனுக்கு ரெண்டாந்தடவையும் கறி உண்டு. பூட்டுறதுக்கு முன்னாடி மாடிப்படிக்கு அடியில நீ போய்ப் பாரு."