நாலரை மார்க்

அப்பாவின் தாடையைக் கட்டியிருந்த வெள்ளைத் துணி நழுவியது. கனிமொழி அதை இறுக்கிக்கொண்டிருக்கும்போதே, வாசலில் யாரோ எழிலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

"குரூப் ஃபோர் அடிச்சிட்டியாமே! நாலாவது அட்டெம்ப்டா?"

சாவு வீட்டிலும் வாழ்த்து. எழில் கூச்சத்தோடு தலையாட்டினான்.

அவன் பெரியப்பா மகன். அந்தத் தேர்வை அவளும்தான் எழுதினாள். அவனைவிட மூன்று கேள்வி குறைவு, நாலரை மார்க். அந்த நாலரைக்குள் சில ஆயிரம் பேர் நின்றார்கள்; அவளுக்கு இடமில்லை. ரிசல்ட் வந்தபோது அப்பா திருமுல்லைவாயில் தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தார். அவளுக்கும் ஒன்று நீட்டி, "அண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல்லும்மா" என்றார். நேற்று மார்வலியில் அவர் போகும்வரை அவள் சொல்லவில்லை.

பந்தலில் பெரியப்பா இராமகிருஷ்ணனின் குரல் எழுந்தது.

"பையன் இல்லாத ஊடு. எழிலு, நீதாண்டா கொள்ளி. நாளைக்குக் காலைல பால் ஊத்தவும் வச்சவன்தான் வரணும்."

"நாளைக்குக் கவுன்சிலிங்ப்பா. எட்டரைக்கு பிராட்வேல இருக்கணும்."

"சாவு விழுந்துச்சுன்னு சொன்னா வேற நாள் குடுக்கமாட்டானா?"

எழில் சித்தப்பா கிடந்த பக்கம் பார்த்தான். பிறகு, "பாத்துக்கலாம்ப்பா. சித்தப்பாதான் முக்கியம்" என்றான்.

கொடுக்கமாட்டார்கள். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ரேங்க் வரிசையில் கூப்பிடுவார்கள். திரையில் மிஞ்சியிருக்கும் துறையையும் மாவட்டத்தையும் பார்த்து அங்கேயே எடுக்க வேண்டும். வராதவருக்கு மறுவாய்ப்பு கிடையாது.

அவள் வாயை மூடிக்கொண்டால் போதும்.

"தங்கமான புள்ள" என்று மூலையில் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். கனிமொழிக்குச் சுரீரென்றது. வேலை போனாலும் அவனுக்குத்தான் பேர். சித்தப்பாவுக்காக வேலையையே விட்டவன் என்று காலமெல்லாம் சொல்வார்கள்.

எழுந்தாள். "நான் வைக்கிறேன்."

"இன்னாது? பொம்பளப் புள்ள சுடுகாட்டுக்கா?"

"எங்கப்பாவுக்கு நான் வைக்கிறேன் பெரியப்பா."

அம்மா மங்களம் தலை நிமிராமலே சொன்னாள். "அவளே வைக்கட்டும் மாமா."

எழில் கிட்டே வந்தான். "கனி, எனக்காகவா..."

"உனக்காக ஒண்ணும் இல்லண்ணா. இதையாவது எனக்கு விடு." குனிந்து அப்பாவின் தாடைத் துணியைச் சரிசெய்தாள். "ஒரிஜினல் எல்லாம் எடுத்து வச்சுக்கோ. தமிழ்வழிச் சான்றிதழ மறந்துடாத. இல்லன்னா அங்கயே நிறுத்திடுவாங்க."

மறுநாள் சுடுகாட்டில் சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. பாதிப் பாலை ஊற்றியிருந்தாள். பெரியப்பா போனை நீட்டினார். சிரிப்பை அடக்கத் தெரியாமல் அவர் உதடு துடித்தது.

"எழிலுதாம்மா. ஆவடியிலயே கெடச்சிடுச்சாம். மொதல்ல உன்கிட்டதான் சொல்லணுமாம்."

"கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க பெரியப்பா."

சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மீதிப் பாலை மெல்லிய இழையாக, மெதுவாக, மிக மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.